பத்தடியில் மங்கல், ஏழடியில் பளிச்: புரொஜெக்டர் வைத்துப் பார்த்த கதை

முதல் சனிக்கிழமை: பன்னிரண்டடி நீளப் படுக்கையறை. பின்சுவர் ஷெல்பில் புரொஜெக்டரை வைத்தேன். லென்ஸிலிருந்து சுவருக்குப் பத்தடி, அதாவது 305 செ.மீ. கையேட்டில் த்ரோ ரேஷியோ 1.2 என்று இருந்தது. தூரத்தை 1.2-ஆல் வகுத்தால் படத்தின் அகலம் வந்துவிடும்: 254 செ.மீ., மூலைக்கு மூலை சுமார் 115 அங்குலம். பெரிய படம்தான், ஆனால் சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது.

ஞாயிறு: ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏழடியில் வைத்தேன். படம் 80 அங்குலமாகச் சுருங்கியது, வெளிச்சம் இரட்டிப்பானது. அதே ஒளி பாதிப் பரப்பில் விழுகிறது, அவ்வளவுதான்.

புரொஜெக்டர் வீசும் மொத்த ஒளி என்று பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமென்ஸ் போட்டிருந்தார்கள். அந்த ஒளியை ஒன்பது இடங்களில் அளந்து சொல்லும் தர முறையான ஆன்சியின் பெயர் எங்குமே இல்லை என்பதால் நானே அளந்தேன். முழு வெள்ளைப் படத்தை ஓடவிட்டு, படத்தை மூன்றுக்கு மூன்றாகப் பிரித்து, ஒன்பது கட்டத்தின் நடுவிலும் லக்ஸ் ஆப் உள்ள போனை, முன்பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். சராசரி 180 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 லூமென்ஸ். படத்தின் பரப்பு 1.78 சதுர மீட்டர்; பெருக்கினால் 320 லூமென்ஸ். போன் சென்சார் கொஞ்சம் முன்பின் காட்டும்தான், ஆனாலும் அது ஆயிரக்கணக்காக மாறிவிடாது.

அடுத்த வாரம், இருட்டு. புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான் படத்தின் கருப்பு. அதனால் புரொஜெக்டரை அணைத்துவிட்டுச் சுவரை அளந்தேன். டியூப்லைட் எரியும்போது 90 லக்ஸ்: வெள்ளை 270, கருப்பு 90, மூன்று மடங்கு வித்தியாசம்தான். படத்தில் ஒருவரின் தலைமுடியும் பின்னால் இருந்த கதவும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. பகலில் ஜன்னலுக்கு மெல்லிய திரை போட்டால் 40 லக்ஸ். கார்ட்டூன், கிரிக்கெட் பார்க்கலாம், இரவுக் காட்சி எடுபடாது. கனமான திரை போட்டதும் 6 லக்ஸாக இறங்கி, வித்தியாசம் முப்பது மடங்கானது. முடியின் இழைகள் அப்போதுதான் பிரிந்தன.

தெளிவில் ஒரு சிக்கல். இதன் சொந்த ரெசல்யூஷன் 1920×1080. '4K' என்று எழுதியிருப்பது உள்ளே வாங்கிக்கொள்ளும் சிக்னலைத்தான். ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று கோடு போட்ட படத்தைக் காட்டினேன். கோடுகளுக்குப் பதில் சாம்பல் திட்டுகள் வந்தன. கீஸ்டோன் திருத்தம்தான் காரணம். கோணலை நிமிர்த்த அது பிக்சல்களைக் கலக்கிவிடுகிறது. கீஸ்டோனைப் பூஜ்யமாக்கி, ஸ்டூலைச் சுவருக்கு நேராகத் திருப்பி, அட்டை செருகி மட்டம் பார்த்ததும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கோடுகள் தனித்தனியாக நின்றன.

மிச்சம் இருந்தது திரைக்கம்பிக்கு மேலே உள்ள இடுக்கு. அங்கே கருப்புத் துணியை மடித்துச் செருகினேன். பகல் மூன்று மணிக்கு இப்போது 2 லக்ஸ்.