கொசுவ மடிப்பில் ஒரு மில்லிமீட்டர்

பதினொரு மாதிரிகள் வீணான பிறகு, சேலைக் கொசுவம்போல முன்னும் பின்னுமாக மாறி மாறி மடிக்கும் இதழின் பன்னிரண்டாவது மாதிரி மேசையில் வைத்தவுடன் தட்டையாகப் படிந்து நின்றது. முன் அட்டையின் விளிம்பும் பின் அட்டையின் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அமர்ந்திருந்தன. உள் மடிப்புகளில் ஒன்றுகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்த சிக்கல் எங்கே இருந்தது என்பது இப்போது தெளிவாகத் தெரிவதால், மறந்துவிடும் முன்பு எழுதி வைக்கிறேன்.

காரைக்குடியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் ஆச்சி, தம் வீட்டில் நடக்கவிருக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காக, அந்த வீட்டைப் பற்றிய ஒரு மடிப்பிதழ் செய்து தரக் கேட்டிருந்தார்கள். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு அது. முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று ஆறு பேனல்களில் நெடுக ஒரே சித்திரமாக வரைந்து, விரித்தால் வீட்டுக்குள் நடந்துபோவது போல இருக்க வேண்டும் என்று நினைத்தேன். 12க்கு 18 அங்குல மேட் ஆர்ட் தாள், 170 ஜிஎஸ்எம்; ஒரு தாளில் மேலும் கீழுமாக இரண்டு பிரதிகள். ஒரு பிரதியின் மொத்த நீளம் 428 மில்லிமீட்டர், உயரம் 140. மொத்தம் 200 பிரதிகள்.

முதல் பேனல்தான் முன் அட்டை, கடைசிப் பேனல்தான் பின் அட்டை. முதலில் 428ஐ ஆறால் வகுத்து எல்லாப் பேனல்களையும் சமமாக வைத்தேன். கணக்குப்படி எல்லா விளிம்புகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆனால் மடித்துப் பார்த்தபோது உள் மடிப்புகள் அட்டைக்கு வெளியே ஒரு மயிரிழை, சில பிரதிகளில் முக்கால் மில்லிமீட்டர் வரை நீண்டன. வெளியே நீண்ட மடிப்பு விரல் பட்டவுடன் நசுங்கியது. அட்டை அதன்மேல் ஏறி நின்றதால் இதழ் முழுவதும் லேசாக வாய் திறந்தபடியே இருந்தது.

கொசுவ மடிப்பில் பிழை எப்படி வளர்கிறது என்பதை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். மடிப்பதற்கு முன் தாளில் அழுத்திப் பதிக்கும் கிரீசிங் கோடுகளில் முதலாவது 0.4 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன் அட்டை 0.4 குறைகிறது, அந்தக் குறைவு அப்படியே இரண்டாம் பேனலுக்குப் போய் அது 0.4 கூடுகிறது. மடித்தால் அடுத்த மடிப்பு அட்டையின் விளிம்பைத் தாண்டி 0.8 வெளியே வந்து நிற்கிறது. அதாவது கோட்டில் விழுந்த பிழை, அடுக்கில் இரட்டிப்பாகிறது. அதற்குப் பின்னால் வரும் மடிப்புகள் எல்லாம் அதே 0.8 நகர்ந்தே அமர்கின்றன. கையால் அழுத்தும் கிரீசிங் கருவியில் 0.4 பிழை என்பது சாதாரணம். சமப் பேனல்களில் அந்தப் பிழையைத் தாங்குவதற்கு இடமே இல்லை.

அடுத்து நான் செய்ததை யாரும் செய்ய வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி மடிக்கும் இதழ்களில், உள்ளே போகப் போக ஒவ்வொரு பேனலையும் சற்றுக் குறைத்துக்கொண்டே போவது வழக்கம். அதே பழக்கத்தில் இங்கும் 72, 71.5, 71, 70.5, 70, 69.5 என்று அரை அரையாகக் குறைத்துவிட்டேன். சுருட்டு மடிப்பில் ஒரு பேனல் இன்னொன்றின் வயிற்றுக்குள் போய் அடைபடுகிறது. அதனால் அந்தக் குறைப்பு அங்கே தேவை. கொசுவ மடிப்பில் எதுவும் எதற்குள்ளும் போவதில்லை. எல்லாம் அடுக்காகத்தான் நிற்கின்றன. ஆகவே எனக்குக் கிடைத்தது ஒரு படிக்கட்டு: வலப்பக்க மடிப்புகள் அரை அரை மில்லிமீட்டராக உள்வாங்க, பின் அட்டை இடப்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக நின்றது.

வழி காட்டியது ஆச்சிதான். மாதிரிகளைக் கையில் வாங்கி விரித்து மடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, முதக் கொசுவத்தக் கொஞ்சம் அகலமா எடுத்தாத்தான் உள்ள இருக்கிறது வெளிய தெரியாம நிக்கும். உள்ள இருக்கிறதெல்லாம் ஒரே அளவா இருக்கணும்" என்றார்கள். சேலைக்குச் சொன்ன அந்தச் சொல்லில் எனக்கு வேண்டிய இரண்டும் இருந்தன. அட்டை மட்டும் அகலம்; உள்ளே உள்ளவை குறைவு, ஆனால் தமக்குள் சமம்.

இப்போதைய அளவு இது: 72, 71, 71, 71, 71, 72. மொத்தம் அதே 428. இடது ஓரத்திலிருந்து கோடுகள் 72, 143, 214, 285, 356 ஆகிய இடங்களில் விழுகின்றன. மடித்தால் வலப்பக்கத்தில் மூன்று மடிப்புகள் ஒரே கோட்டில் முதுகுபோல நிற்கும். இடப்பக்கத்தில், இரு அட்டைகளின் ஓரங்களுக்கு நடுவே, இரண்டு மடிப்புகள் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி அமர்ந்திருக்கும். ஒரு கோட்டில் அரை மில்லிமீட்டர் வரை பிழை வந்தாலும் மடிப்பு அட்டைக்கு வெளியே வராது. அரை மில்லிமீட்டர் குறைத்தும் பார்த்தேன், என் கைக்கு அது போதவில்லை. ஒன்றரை குறைத்தபோது உள்வாங்கியது கண்ணுக்குத் தெரிந்தது.

அளவு சரியான பிறகும் நான்கு மாதிரிகள் கெட்டன. அதற்குக் காரணம் தாளைப் புரட்டிய விதம், என்னை மிகவும் அலைக்கழித்ததும் அதுதான். கிரீசிங் கத்தி மேலிருந்து அழுத்தும்போது தாளின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வரப்பு எழும்புகிறது. மடிக்கும்போது அந்த வரப்பு உள்ளே போக வேண்டும். வெளியே வந்தால் மடிப்பு தடித்து, மை வெடித்து, படியாமல் நிற்கும். கொசுவத்தில் மடிப்புகள் மாறி மாறித் திரும்புவதால் 72, 214, 356 ஆகியவற்றை முன்பக்கத்திலிருந்தும், 143, 285 ஆகிய இரண்டையும் பின்பக்கத்திலிருந்தும் அழுத்த வேண்டும். அளவு இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால், புத்தகத்தின் ஏட்டைப் புரட்டுவது போல இடமிருந்து வலமாகப் புரட்டி, மறு ஓரத்தைத் தடுப்பில் முட்டவைத்து, அதே 143, 285 குறிகளில் அழுத்தினேன். எண்கள் ஒத்துப்போகின்றன என்பதால் சந்தேகமே வரவில்லை.

ஆனால் அச்சகத்தில் கட்டாக வெட்டி வந்த தாள்களில், மேல் தாளுக்கும் அடித்தாளுக்கும் நீளத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. 428.5 நீளமுள்ள தாளில் நேர்ந்ததைப் பாருங்கள். பின்பக்கத்துக் கோடுகள் இரண்டும் மறு ஓரத்திலிருந்து அளக்கப்பட்டதால், முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது 143.5, 285.5 என்று நகர்ந்துவிட்டன. உள் பேனல்கள் 71.5, 70.5, 71.5, 70.5 என்று ஏறி இறங்கின. பின் அட்டை 72.5 ஆகிவிட்டது. ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டதால், கடைசியில் பின் அட்டை முன் அட்டையைத் தாண்டி இரண்டரை மில்லிமீட்டர் வெளியே வந்தது. தாளில் அரை, அடுக்கில் இரண்டரை. ஸ்கேலை வைத்து நான்கு முறை அளந்த பிறகுதான் நம்பினேன்.

தீர்வு மிக எளியது. தாளை நாட்காட்டித் தாள்போல மேலிருந்து கீழாகப் புரட்ட வேண்டும். அப்போது இடது ஓரம் இடப்பக்கமே இருக்கிறது. ஐந்து கோடுகளும் ஒரே ஓரத்திலிருந்து அளக்கப்படுகின்றன. நீளத்தில் உள்ள பிழை கடைசிப் பேனலோடு நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புரட்டும்போது மேல் ஓரம் கீழ் ஓரமாக மாறுவதால், அந்த இரண்டு ஓரங்களும் இடது ஓரத்துக்குச் செங்கோணமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தடுத்த மடிப்புகள் எதிரெதிராகச் சாய்ந்து, அடுக்கின் ஒரு மூலை மட்டும் பிதுங்கும். ஆகவே இப்போது ஒவ்வொரு தாளையும் மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்த பிறகே கருவியில் விடுகிறேன்.

பிழை எது என்று தெரிந்துகொள்ள, மடித்த இதழை முதுகுப் பக்கமாக மேசையில் இருமுறை தட்டிவிட்டு ஓரங்களைப் பார்க்கிறேன். முதுகு படிக்கட்டாக இறங்கினால் புரட்டலில் பிழை. முதுகு படிக்கட்டாக இறங்காமல், இடப்பக்க மடிப்புகள் இரண்டும் ஒரே அளவு முன்னே வந்தால் முதல் கோட்டில் பிழை. ஒரு மூலை மட்டும் பிதுங்கினால் செங்கோணத்தில் பிழை.

தாள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நார் 18 அங்குலப் பக்கமாக ஓடும் தாளை முதலில் வாங்கிவிட்டேன். மடிப்பு நாரைக் குறுக்கே வெட்டியதால் ஒவ்வொன்றும் வில்போல எழும்பியது. 12 அங்குலப் பக்கமாக நார் ஓடும் தாள் இங்கே கிடைக்கவில்லை. சிவகாசியிலிருந்து ஒரு தாள் வியாபாரி பெரிய தாளில் வெட்டி அனுப்பினார். எந்தத் தாள் வந்தாலும் ஒரு துண்டை ஈரப்படுத்திப் பாருங்கள்; அது எந்த அச்சில் சுருள்கிறதோ அந்த அச்சில்தான் நார் ஓடுகிறது.

மடித்தவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கி, முதுகுகளை மாற்றி மாற்றி வைத்து, இரண்டு ஆத்தங்குடிக் கற்களுக்கு நடுவே ஓர் இரவு வைக்கிறேன். கண்ணாடியின்மேல் வார்த்த கல் என்பதால் அதன் முகம் அவ்வளவு சமமாக இருக்கிறது. இதற்கு அதைவிட நல்ல பாரம் எனக்குக் கிடைத்ததில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்த பழைய கல்லாக இருந்தால் பிரவுன் தாள் சுற்றிக்கொள்ள வேண்டும். காலையில் பின் அட்டை அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் இரண்டு அட்டைகளின் ஓரத்தையும் சேர்த்து ஒரே வெட்டாகச் சீவிவிடலாம். மடிப்புகள் ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால் கத்தி அவற்றைத் தொடாது.

கிணற்றடியையும் சேர்த்து ஏழு பேனலாக்கலாமா என்று ஆச்சி கேட்டார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பேனல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் பின் அட்டையின் ஓரம் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. முன் அட்டை இடப்பக்க மடிப்புகளையும் பின் அட்டை வலப்பக்க மடிப்புகளையும் மட்டுமே மறைக்கின்றன. இரண்டு அட்டைகளும் ஒரு மில்லிமீட்டர் விலகியே நிற்கும். எனவே அடுத்த முறை எட்டாகச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு இரண்டு தாள்களை ஒட்ட வேண்டியிருக்கும். அந்த ஒட்டுப் பட்டையின் தடிப்பை எந்தப் பேனலில் மறைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதழை மூடிக் கட்டுவதற்குக் கொட்டான் பின்னும் பனையோலையில் ஒரு மெல்லிய பட்டை செய்து தருவதாகப் பக்கத்துத் தெருவில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதுவரை 46 பிரதிகள் முடிந்திருக்கின்றன. மீதி 154க்கான தாள்கள் வெட்டி, மூலைமட்டம் பார்க்கக் காத்திருக்கின்றன.