உதடு வீங்கியதா, இல்லையா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய பரிசோதனையில், மயக்க மருந்து டாக்டர் என் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "பென்சிலின் அலர்ஜின்னு போட்டிருக்கே, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டார்.

எனக்கு 51 வயது. அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. 'எதாவது மருந்து ஒத்துக்காதா?' என்பார்கள், 'பென்சிலின்' என்பேன், எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான். என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. ஐந்து வயதில் ஏதோ மருந்து கொடுத்து உடம்பெல்லாம் தடித்துப்போனது என்று அம்மா சொல்லிக் கேட்டது மட்டும் நினைவில் இருந்தது.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மூட்டு மாற்று அறுவையில் தொற்று வராமலிருக்க, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் என்ற ஊசி போடுவது வழக்கம். தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு அது நல்ல மருந்து. ஆனால் பென்சிலினுக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் அலர்ஜி என்று கோப்பில் இருந்தால் பலர் அதைத் தொடாமல் வான்கோமைசின் என்ற வேறு வகை ஆன்டிபயாடிக்குக்கு மாறிவிடுவார்கள். அதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாக ஏற்ற வேண்டும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். இத்தனைக்கும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு அது செஃபசோலின் அளவுக்கு வேலை செய்யாது. பென்சிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களுக்கு அறுவைக் காயத்தில் தொற்று வருவது மற்றவர்களைவிட அதிகம். அலர்ஜி அதற்குக் காரணம் இல்லை, பதிலுக்குக் கொடுக்கும் மருந்துதான் காரணம்.

"செஃபசோலின் மூலக்கூறுல ஒட்டியிருக்கிற பக்கச் சங்கிலிங்கிற பகுதி பென்சிலின் வகை எதோடயும் ஒத்துப்போகாது. நிஜமாவே பென்சிலின் அலர்ஜி இருக்கிறவங்களுக்குக்கூட பெரும்பாலும் கொடுக்கலாம். ஆனா அறுவை முடிஞ்சதும் விஷயம் முடிஞ்சிடாதே. நாளைக்கு நிமோனியா வரலாம், பல்லுல சீழ் பிடிக்கலாம். ஆறு வாரம் இருக்கு. அலர்ஜி டாக்டர்கிட்ட போய் உண்மையா பொய்யான்னு பார்த்துடுங்க" என்றார்.

அலர்ஜி டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் எடுத்தது காகிதமும் பேனாவும். முதல் சந்திப்பு முழுக்கக் கேள்விதான். எந்த மருந்து? எத்தனையாவது வேளையில் வந்தது? கொடுத்த சில நிமிடங்களிலா, சில நாள் கழித்தா? தடிப்பு வந்து வந்து மறைந்ததா, அப்படியே நின்றதா? மூச்சுத் திணறியதா? தோல் கொப்பளித்து உரிந்ததா? வாயிலோ கண்ணிலோ புண் வந்ததா? ஊசி ஏதும் போட்டார்களா?

எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். 76 வயதிலும் அம்மாவுக்கு நினைவு தெளிவு.

"சிவப்பு சிரப்பு ஒண்ணு. மூணு நாள் குடிச்சே. நாலாம் நாள் காலைல முதுகு, வயிறெல்லாம் சிவந்துபோச்சு. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். ஒரு ஊசி போட்டாரு. உதடுகூட வீங்கின மாதிரி இருந்துச்சு."

"கூட யாருக்காவது அப்போ உடம்பு சரியில்லையாம்மா?" என்று டாக்டர் ஸ்பீக்கரில் கேட்டார்.

"அக்காவுக்கும் அதே வாரம் காய்ச்சல். அவளுக்கும் உடம்பெல்லாம் சிவந்துச்சு. ஆனா அவளுக்கு மருந்தே கொடுக்கலையே! எங்க குடும்பத்துக்கே பென்சிலின் ஆகாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மருந்தே குடிக்காத அக்காவுக்கும் தடிப்பு என்றால், வைரஸ் காய்ச்சலோடு வரும் தடிப்பாகவே எனக்கும் இருந்திருக்கலாம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், வைரஸ் தன் பங்குக்குத் தோலைச் சிவக்க வைக்கும், பழி மருந்தின் மேல் விழும். அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பென்சிலினைத் தாங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம் காலம். ஒரு காலத்தில் உண்மையாகவே உடனடி அலர்ஜி இருந்தவர்களிலும், பத்து வருடம் மருந்தைத் தொடாமல் இருந்தால் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது தணிந்துவிடுகிறது. நான் தொடாமல் இருந்தது 46 வருடம்.

"அப்போ நேரா மாத்திரையே கொடுத்துப் பார்த்துடலாமா?" என்று கேட்டேன். வெறும் தடிப்பு மட்டும்தான் என்றால் தயங்காமல் அப்படியே செய்திருப்பேன் என்றார். அவரை நிறுத்தியது அந்த உதடு. இதற்கு PEN-FAST என்று சின்னக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்குள் நடந்திருந்தால் 2 மதிப்பெண். முகமோ உதடோ வீங்கியிருந்தாலோ, அனாஃபைலாக்சிஸ் என்ற உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வந்திருந்தாலோ, தோல் உரியும் வகை கடுமையான எதிர்வினை என்றாலோ 2. சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1. எனக்கு முதலாவது இல்லை. உதட்டுக்கு 2, ஊசிக்கு 1, மொத்தம் 3. அலர்ஜி இருக்கும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்று. உதடு வீங்கவில்லை என்று அம்மா உறுதியாகச் சொல்லியிருந்தால் 1தான், ஆபத்தும் வெகு குறைவு. 46 வருடத்துக்கு முந்தைய 'வீங்கின மாதிரி' என்ற ஒரு சொல்லை அவர் ஒதுக்கிவிடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. முதலில் தோல் பரிசோதனை, அதில் ஒன்றும் இல்லையென்றால் மாத்திரை என்று முடிவானது.

கொப்புளம், தோல் உரிதல், வாய்ப்புண், உள்ளுறுப்புப் பாதிப்பு என்று ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வகை எதிர்வினை வந்தவர்களுக்கு எத்தனை வருடம் ஆனாலும் அந்த மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

முதல் முறை பரிசோதனை வீணானது. முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, ஊசி நுனியால் லேசாகக் குத்தினார் நர்ஸ். ஒன்று உப்புநீர், அது எழும்பக் கூடாது. ஒன்று ஹிஸ்டமின், அது கட்டாயம் கொசு கடித்த மாதிரி எழும்ப வேண்டும். மற்றவை பென்சிலின் வகைகள். 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் கை முழுக்க அமைதி. எனக்கு ஒரே சந்தோஷம். நர்ஸின் முகத்தில் சந்தோஷம் இல்லை. "ஹிஸ்டமினே எழும்பலையே. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்றார்.

அலர்ஜி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நான் அலர்ஜி மாத்திரை சாப்பிடவில்லை. இரண்டு நாள் முன்பு மூக்கு ஒழுகியதற்கு ஜலதோஷ மாத்திரை போட்டிருந்தேன். அதற்குள்ளும் ஆன்டிஹிஸ்டமின் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அது உடம்பில் இருக்கும்வரை அலர்ஜி இருந்தாலும் தோல் காட்டிக்கொடுக்காது. அந்த ஹிஸ்டமின் குத்து மட்டும் இல்லாவிட்டால் என் பொய்யான 'இல்லை' உண்மையாகப் பதிவாகியிருக்கும். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

இரண்டாம் முறை ஹிஸ்டமின் குத்து ஆறு மில்லிமீட்டருக்கு எழும்பி நன்றாக அரித்தது. உப்புநீர், பென்சிலின் குத்துகள் வெறும் புள்ளிகளாக நின்றன. உப்புநீரைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்திருந்தால் 'உண்டு' என்று கணக்கு. அடுத்து, மிக மெல்லிய ஊசியால் தோலுக்குள்ளேயே துளி மருந்து ஏற்றினார்கள். சின்ன முத்து மாதிரி உப்பியது. நர்ஸ் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைத்தார். இருபது நிமிடம் கழித்து, முத்து அந்தக் கோட்டைத் தாண்டவில்லை, அடங்கிக்கொண்டிருந்தது.

தோல் 'இல்லை' என்று சொன்ன பிறகும் மாத்திரை எதற்கு? தோல் பரிசோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. பென்சிலின் வகையில் ஒன்றான அமாக்சிசிலினின் பக்கச் சங்கிலிக்கு மட்டும் அலர்ஜி உள்ளவர்கள் தப்பிவிடலாம். கடைசி வார்த்தை மருந்தை விழுங்கிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. முதலில் 50 மில்லிகிராம் அமாக்சிசிலின், அரை மணி நேரம் கழித்து 450. கடும் அலர்ஜி வந்தால் உடனே போட அட்ரினலின் ஊசி பக்கத்து மேசையிலேயே இருந்தது. இதை ஏன் வீட்டில் யாரும் செய்துபார்க்கக் கூடாது என்பதற்கு அந்த மேசையே பதில்.

இரண்டாவது வேளை விழுங்கி இருபது நிமிடத்தில் எனக்குத் தொண்டை அரித்தது. உண்மையாகவே அரித்தது, நெஞ்சும் படபடத்தது. நர்ஸை அழைத்தேன். அவர் பதறவில்லை. சட்டையை விலக்கி முதுகு, வயிறு பார்த்தார், ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன் எடுத்தார், டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தடிப்பு இல்லை, இரைப்பு இல்லை, அழுத்தம் இறங்கவில்லை. பயத்திலும் தொண்டை அரிக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, அளந்து பார்க்கிற மாதிரி எதுவும் மாறாது, இருந்து பார்ப்போம் என்றார். கால் மணியில் அரிப்பு போய்விட்டது. அங்கேயே பயந்து நிறுத்தியிருந்தால் 'அலர்ஜி உறுதி' என்று என் கோப்பில் இரண்டாவது முறை ஏறியிருக்கும்.

அப்புறம் ஒரு வாரம் தோலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சில தடிப்புகள் நாள் கழித்து வரும், வந்தால் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எதுவும் வரவில்லை. கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள்: எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, பென்சிலின் வகை மருந்துகளை மற்றவர்களைப் போலவே கொடுக்கலாம்.

அறுவை அன்று காலை மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டினார்கள். அதில் 'பென்சிலின்' என்று அச்சாகியிருந்தது. அலர்ஜி டாக்டர் தன் கோப்பில் நீக்கியிருந்தார், ஆனால் அறுவை நடக்கும் இடத்துப் பதிவில் பழையது அப்படியே இருந்தது. கடிதத்தை நீட்டினேன். நர்ஸ் இரண்டு முறை படித்துவிட்டுப் பட்டையைக் கத்தரித்தார். பதிவை அவர்கள் திருத்திய பிறகுதான் உள்ளே போனேன். செஃபசோலின் 2 கிராம் என்று யாரோ உரக்கப் படித்தது மயங்குவதற்கு முன் காதில் விழுந்தது. மருந்துக்கடைப் பதிவில் இருந்த அதே வரியை வீடு திரும்பிய மாதம் போய் நீக்கச் சொன்னேன்.

இன்னொரு கோப்பும் இருந்தது. 'குடும்பத்துக்கே ஆகாது' என்ற அம்மாவின் பேச்சை நம்பி, என் மகனின் கோப்பிலும் சின்ன வயதிலேயே பென்சிலின் அலர்ஜி என்று எழுத வைத்திருந்தேன். அவன் அதுவரை ஒரு வேளைகூடக் குடித்ததில்லை. அவனுக்குத் தோல் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். பென்சிலின் அலர்ஜி அப்பா பிள்ளை என்று இறங்கி வருவதில்லை, சோதிக்க எதுவுமே இல்லை, அந்த வரியை அடித்தால் போதும் என்றார். போன வாரம் அவனோடு போய் அடித்துவிட்டு வந்தோம்.