கோபுரத்தை நம்பிப் போன கதை

சினிமாக்காரர்களுக்கும் விளம்பரக் கம்பெனிகளுக்கும் காரைக்குடியைச் சுற்றி வீடு பார்த்துக் கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் ‘பெரிய முகப்பு, ரெண்டு கட்டு, வளவுல வெயில் விழணும்’ என்று வாயால் சொல்வார்கள். வளவு என்றால் வீட்டுக்குள் இருக்கும் முற்றம். இப்போது ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, ‘இதே வீடு வேணும்’ என்கிறார்கள். படத்தைப் பார்த்து ஊரைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. மதில் மேலிருக்கும் சுதைப் பொம்மை, தூணின் வடிவு, பின்னால் தெரியும் கோயில், இவற்றை வைத்து பாதி நாள் வண்டி எடுப்பதற்கு முன்பே ஊர் பிடிபட்டுவிடும்.

அந்தப் பெருமையில்தான் ஒரு நாள் ஏமாந்தேன்.

ஒரு தயாரிப்பு நிர்வாகி படம் அனுப்பியிருந்தார். இடப்பக்கம் இரண்டு மாடி வீட்டின் முகப்பு, வலப்பக்கம் கூரைக்கு மேலே எட்டிப் பார்க்கும் கோயில் கோபுரம், முன்னால் ஊருணி. கோபுரத்தைப் பார்த்ததுமே, “இது வைரவன்பட்டிண்ணே, நாளைக்கே போய்ப் பேசிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். வைரவன்பட்டி பிள்ளையார்பட்டிக்குப் பக்கம். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று அங்கே இருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து மதியம் வரை தெருத்தெருவாகச் சுற்றினேன். கோபுரம் இருந்தது. வீடு இல்லை. டீக்கடையில் படத்தைக் காட்டியபோது பெரியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “கோயில் நம்ம கோயிலுதான் தம்பி, வீடு எந்த ஊருதோ” என்றார். எனக்கு அரை நாள் எடுத்ததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

முதலில் பார்த்தது நிழல். தரையில் விழும் நிழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லையென்றால் படம் பொய் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தூரப் போகப் போகத் தண்டவாளம் குவிவதுபோல, படத்தில் நிழல்களும் சாய்ந்துதான் தெரியும். சரியான சோதனை வேறு. ஒரு பொருளின் முனையையும் அதே முனையின் நிழலையும் ஒரு நேர்கோட்டால் சேர்க்க வேண்டும். இப்படி நான்கைந்து இடங்களில் கோடு போட்டு நீட்டினால், ஒரே சூரியனுக்கு உரிய கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிப் போகும். சூரியன் நமக்கு எதிரே இருந்தால் அந்தப் புள்ளி மேலே இருக்கும். சூரியன் படம் எடுத்தவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கீழே இருக்கும்.

வீட்டின் தாழ்வாரக் கைமரங்களின் முனைக்கும் சுவரில் விழுந்த அவற்றின் நிழலுக்கும் கோடு போட்டேன். எல்லாம் இடப்பக்கம் கீழே இறங்கின. கோபுரத்தில் ஒவ்வொரு நிலையின் விளிம்பும் அடுத்த நிலையின் மேல் நிழல் போட்டிருந்தது. அந்தக் கோடுகள் வலப்பக்கம் கீழே இறங்கின. இடப்பக்க வீட்டின் கோடு இடப்புறமாகவும், வலப்பக்கக் கோபுரத்தின் கோடு வலப்புறமாகவும் விலகிக்கொண்டே போகின்றன. அவை சந்திக்க வேண்டுமானால் மேல்நோக்கித்தான் நீட்ட வேண்டும். அப்படியென்றால் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால், நம் முகத்துக்கு எதிரே நிற்கிறது. ஆனால் நம்மைப் பார்க்கும் சுவர்கள் இரண்டுமே வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. ஒரே வேளையில் எடுத்த படத்தில் இது நடக்காது.

அடுத்தது ஊருணித் தண்ணீர். வீட்டின் பிரதிபலிப்பு இருந்தது, கோபுரத்துடையது துளிகூட இல்லை. இங்கே மட்டும் அவசரப்படவில்லை. தண்ணீரில் தெரிவது, தண்ணீருக்குக் கீழேயிருந்து நாம் நிமிர்ந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்தக் காட்சி. கண் தாழப் போவதால் முன்னால் இருக்கும் வீடு பின்னால் இருக்கும் கோபுரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே மறைக்கும். நேரில் கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்திருந்தால் தண்ணீரில் அது காணாமல் போனதற்குக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் படத்தில் கோபுரம் பாதிக்கு மேல் தெரிந்தது. எதிர்க்கரையில் நிற்பவர் கண்ணுக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆள் உயரம், கரை மேடாக இருந்தால் இன்னும் கொஞ்சம். கண் தாழ்வது அதைப் போல இரண்டு மடங்குதான். வீட்டுக்கு அருகிலேயே நிற்கும் கோபுரத்தில் பாதி அதனால் மறையாது.

கடைசியாகப் படத்தை வெட்டினேன். முழுப் படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டபோது செட்டிநாட்டு வீடுகள் நூறு வந்தன, ஒன்றும் பயன்படவில்லை. கோபுரத்தை மறைத்து வீட்டை மட்டும் வெட்டிப் போட்டதும் அதே முகப்பு, அதே வெயில், அதே ஊருணியோடு ஒரு பயணப் படம் வந்தது. கானாடுகாத்தான் பக்கத்து வீடு அது. அதில் கூரைக்கு மேலே வெறும் வானம். அழகுக்காக யாரோ கோபுரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். கானாடுகாத்தான் ஒரு பக்கம், வைரவன்பட்டி வேறொரு பக்கம்.

நான் அன்று செய்த தப்பு, எது பளிச்சென்று தெரிந்ததோ அதை வைத்து ஊரை முடிவு செய்தது. ஒட்டு வேலை செய்கிறவரும் பளிச்சென்று தெரிவதைத்தான் ஒட்டுவார். கண்ணுக்குப் படாத மூலையில் போய் அவர் ஏன் கோபுரம் வைக்கப் போகிறார்? இதில் கோபுரமும் நிஜம், வீடும் நிஜம். அதனால்தான் ஊரை நன்றாகத் தெரிந்தவன் சீக்கிரம் ஏமாறுகிறான்.

கணினியே வரைந்த படங்கள் வேறு வகை. அவற்றில் எந்தத் துண்டும் எந்த ஊரிலும் கிடையாது. போன மாதம் ஒரு வளவுப் படம் வந்தது. நேரே தரைக்குப் போனேன். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்கிறார்கள். கையால் ஊற்றுவதால் சிவப்பு ஒரு கல்லில் கூடும், இன்னொன்றில் குறையும். அதைப் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது. ஆனால் அச்சு ஒன்றுதான், அதனால் பூவின் இதழ் எண்ணிக்கை மாறாது. அந்தப் படத்தில் முன்வரிசையில் எட்டிதழ், நாலு கல் தள்ளி ஏழு, தூணுக்குப் பின்னால் இதழே கரைந்து வெறும் கோலம். சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தின் கீழே தமிழ் போல ஏதோ சுழிகள். ‘இப்படி ஒரு வீடு இல்லைண்ணே, இதே மாதிரி வேணும்னா மூணு வீடு காட்டுறேன்’ என்று பதில் போட்டேன். எந்த ஊர் என்ற கேள்விக்கே போகவில்லை.

கெட்டிக்காரத்தனம் மறுபக்கமும் கடிக்கும். கோபுரத்தில் சூடு பட்ட பிறகு, ஒரு படத்தில் வளவுத் தூண் ஒன்று இரண்டாகப் பிளந்து நிற்பதைக் கண்டு ‘ஒட்டுப்படம்’ என்று ஒதுக்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததால் எடுத்த நேரம், கேமரா விவரம் எதுவும் இல்லை. அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். யார் எந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலும் அந்த விவரம் உதிர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. இரண்டு மாதம் கழித்துப் பள்ளத்தூரில் வேறு வேலையாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அதே வளவு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சியின் பேரன் போனைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே பனோரமா எடுத்திருக்கிறான். போன் துண்டுகளைத் தைக்கும் இடத்தில் தூண் இரட்டையாகிவிட்டது. தையல் அந்த ஒரு நேர்க்கோட்டில் மட்டும்தான் இருந்தது. இரண்டு பக்கமும் நிழல் ஒரே பக்கமாகத்தான் விழுந்திருந்தது. நிழலைக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கும்.

“நீங்கதான் போட்டோ பொய்னு சொன்ன ஆளா?” என்றார் ஆச்சி. மோர் கொடுத்தார். அதற்குள் அந்த வீட்டை வேறொரு ஆள் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குப் பேசி முடித்திருந்தார்.