பூச்சி மருந்து அடித்த வீட்டுக்குள் தவழும் குழந்தையோடு எப்போது திரும்புவது?

"மருந்து அடித்து 4 மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பலாம். குழந்தைகளுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் பாதுகாப்பானது." பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்று முகநூலில் போட்டிருந்த வீடியோவுக்குக் கீழே இவ்வளவுதான் எழுதியிருந்தது. பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பிளாட்டில் கரப்பான் பூச்சிகள் பகலிலேயே சமையலறையில் ஓட ஆரம்பித்திருந்தன. மருந்து அடிக்காமல் தீராது. ஆனால் வீட்டில் தவழ்கிற வயதில் மகள் இருக்கிறாள், ஒரு பூனை இருக்கிறது, ஹாலில் மீன் தொட்டி இருக்கிறது. இந்த இரண்டு வரியை மட்டும் நம்பி நாள் குறிக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த மருந்து, எங்கெங்கே அடிப்பீர்கள், 4 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன்.

பதில் தெளிவாகவே வந்தது. சமையலறை அலமாரிகளில் கரப்பான் தின்று சாகும் ஜெல் வைப்பார்கள். ஹாலிலும் குளியலறையிலும் சுவரோரம், கதவு நிலை, தண்ணீர் போகும் துவாரம் ஆகிய இடங்களில் டெல்டாமெத்ரின் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து தெளிப்பார்கள். கடைசி அறையில் தெளித்து முடித்த பிறகுதான் மணிக்கணக்கு தொடங்கும்.

இதில் ஜெல்லுக்குக் காத்திருக்கும் நேரம் என்று ஒன்றும் இல்லை. அது காற்றில் பரவாது. குழந்தையின் விரலும் பூனையின் நாக்கும் எட்டாத இடத்தில் வைத்தால் போதும். கவனம் வேண்டியது தெளிக்கிற மருந்தில்தான். ஈரமாக இருக்கும்வரை அது உள்ளங்கையில் ஒட்டும், முட்டியில் ஒட்டும், பூனையின் பாதத்தில் ஒட்டும். காய்ந்த பிறகு பெரும்பகுதி சுவரையும் தரையையும் பிடித்துக்கொள்ளும், தொட்டால் கொஞ்சமாகத்தான் வரும். ஆக, 4 மணி நேரம் என்பது மருந்து காய்வதற்கும் காற்று மாறுவதற்கும் போட்ட ஓர் உத்தேசக் கணக்கு. வெயில் நாளில், ஜன்னல் திறந்த வீட்டில் அதற்கு முன்பே காய்ந்துவிடலாம். மழை நாளில், மூடிக் கிடக்கும் வீட்டில் காயாமலும் இருக்கலாம்.

எங்களுக்கு வாய்த்தது மழை நாள்தான். மகளையும் பூனையையும் காலையிலேயே அம்மா வீட்டில் விட்டுவிட்டோம். இரவும் அங்கேயே தங்கட்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். தரையில் கிடந்த பொம்மைகள், விளையாட்டுப் பாய், பூனையின் சாப்பாட்டுத் தட்டு, மணல் பெட்டி எல்லாவற்றையும் மருந்து அடிக்காத படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். துணியும் பாயும் மருந்தை உறிஞ்சிக்கொண்டால் துடைத்து எடுப்பது கஷ்டம்.

மீன் தொட்டிதான் பெரிய வேலை. இந்த வகை மருந்து மீன்களுக்கு மிகக் கொஞ்சம் போனாலே ஆபத்து. தொட்டியின் காற்று பம்பு அறையில் இருக்கும் காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. காற்றில் மருந்துத் துளி இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். மேலே மூடி போட்டுவிட்டு பம்பை ஓடவிட்டால் பயனில்லை. பம்பை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் மூடி வைத்தாலோ, நம் ஊர் வெப்பத்தில் மீன்களுக்கு மூச்சுக்காற்று போதாமல் போய்விடும். எங்களுடையது சின்னத் தொட்டி. பாதித் தண்ணீரை வாளியில் எடுத்துவிட்டு, நானும் கணவரும் தூக்கி அதே படுக்கையறையில் வைத்து, பம்பை அங்கே ஓடவிட்டோம். கதவடியில் ஈரத்துணியைச் செருகினோம். தூக்க முடியாத பெரிய தொட்டியாக இருந்தால் நாள் குறிக்கும்போதே சொல்லி, அந்த அறையில் தெளிக்காமல் ஜெல் மட்டும் வைக்கச் சொல்வதே நல்லது என்று தோன்றுகிறது.

மருந்து அடிக்க வந்த தம்பி பொறுமையானவர். லேபிளைக் காட்டச் சொன்னதும் போத்தலை எடுத்துக் காட்டினார். LRMP என்று தொடங்கும் பதிவு எண் அதில் இருந்தது. 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இங்கே விற்கும் பூச்சி மருந்து பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பெயரும் எண்ணும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, பிள்ளை தவழுது. தரை முழுக்க அடிக்காதீங்க."

"இல்லக்கா, ஓரம் மட்டும்தான். நடுவுல அடிச்சு பிரயோஜனம் இல்ல. கரப்பான் சுவர ஒட்டித்தான் போகும்."

அடுத்து நான் கேட்டது தரை துடைப்பதைப் பற்றி. இரண்டு வாரம் துடைக்கக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. குழந்தை தவழும் தரையை அத்தனை நாள் துடைக்காமல் எப்படி வைத்திருப்பது? அவர் சொன்ன வழி எளிமையானது. மருந்து இருப்பது சுவரோரம் ஒரு சாண் அகலத்தில். அதை மட்டும் விட்டுவிட்டு நடுத்தரையைத் தாராளமாகத் துடைக்கலாம். அந்த ஒரு சாணைத் துடைத்தால்தான் மருந்து போய்விடும். மகள் வழக்கமாகப் போய் உட்காரும் மூலையில் மட்டும் தெளிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சோபாவுக்குப் பின்னால் அடித்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

சொன்ன நேரம் முடிந்ததும் நான் மட்டும் முதலில் உள்ளே போனேன். ஜன்னல்களைத் திறந்து காத்தாடியைப் போட்டுவிட்டு மறுபடி வெளியே வந்து அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். ஏர்கோன் போடவில்லை, அது உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிவிடும். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு, டிஷ்யூ தாளைச் சுவரோரத்தில் அங்கங்கே அழுத்திப் பார்த்தேன். ஹாலில் தாள் காய்ந்தே வந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் அழுத்தியபோது தாளில் ஈரக் கோடு விழுந்தது. வாடை எங்குமே இல்லை. தண்ணீரில் கலக்கும் மருந்துகள் பலவற்றுக்கு வாடை குறைவு, அதனால் வாடை இல்லை என்பதை வைத்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. குளியலறைக் கதவை விரியத் திறந்து வைத்து, மேசைக் காத்தாடியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

மகளும் பூனையும் மறுநாள் காலைதான் வந்தார்கள். அதற்கு முன் நடுத்தரையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன், சாப்பாட்டு மேசையையும் சமைக்கும் மேடையையும் கழுவினேன். ஜெல் வைத்த கதவுக் கீல்களின் பக்கம் சோப்பு படாமல் பார்த்துக்கொண்டேன். பட்டால் கரப்பான் அதைத் தின்னாது. காற்று நன்றாக மாறிய பிறகே மீன் தொட்டி ஹாலுக்குத் திரும்பியது.

பூனை வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்டாமெத்ரின் சேர்ந்த மருந்துக் குடும்பத்தை, முக்கியமாக அதில் உள்ள பெர்மெத்ரினை, பூனையின் ஈரல் மெதுவாகத்தான் உடைக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு ஆபத்தாகலாம். அதோடு பூனை பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். எச்சில் வடிவது, தசை துடிப்பது, நடை தள்ளாடுவது தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். குழந்தையின் தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நம் யுஎஸ்எம் வளாகத்திலேயே தேசிய நச்சு மையம் இருக்கிறது, 1-800-88-8099. மருந்தின் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள், லேபிளைப் படம் எடுத்தது அதற்காகத்தான். மூச்சுத் திணறல், வலிப்பு என்றால் நேரே 999.

அந்த இரண்டு வரியில் இல்லாத இன்னொன்று, செத்துக் கிடக்கும் கரப்பான்கள். முதல் சில நாள் அவை ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வந்து, மல்லாந்து காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. பூனைக்கு அது விளையாட்டுச் சாமான், மகளுக்கோ எதைப் பார்த்தாலும் வாயில் போடும் வயது. காலையில் அவள் எழுவதற்கு முன் ஹாலையும் சமையலறையையும் கூட்டி, குப்பையைக் கட்டி வெளியே போட்டுவிட்டுத்தான் அவளைத் தரையில் விட்டேன்.