கணக்கில் பணம் இருந்தும் இஎம்ஐ பவுன்ஸ் ஆவது எப்படி?

வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில், கடன் கொடுத்த பிறகு வரும் பிரச்சினைகளைப் பார்க்கும் டெஸ்க்கில் இருந்தேன். அங்கே அடிக்கடி கேட்ட வாக்கியம், "அக்கவுன்ட்ல பணம் இருக்குங்க, நீங்கதான் எடுக்கலை" என்பது. சாக்கு சொல்கிறார்கள் என்றுதான் கலெக்ஷன்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். பல நேரம் அது சாக்குதான். ஆனால் 2023-ல் வந்த புகார்களில் ஒரு பகுதி நூற்றுக்கு நூறு உண்மை, அதற்குக் காரணம் கடன் வாங்கிய அன்று கையெழுத்துப் போட்ட நாச் மேண்டேட். நாச் என்பது மாதத் தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்க வங்கிகளுக்கிடையே இருக்கும் அமைப்பு.

மேண்டேட் என்பது, இந்த நிறுவனம் கேட்டால் என் கணக்கிலிருந்து இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று நாம் நம் வங்கிக்குத் தரும் அனுமதி. அதில் தொகைக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று பிக்சட், அதே தொகைதான் எடுக்க முடியும். இன்னொன்று மேக்ஸிமம், அந்த உச்சவரம்புக்குள் எவ்வளவு வேண்டுமானாலும். வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் மேக்ஸிமம்தான் போடுவார்கள். பதிவானதும் அந்த மேண்டேட்டுக்கு யூஎம்ஆர்என் என்று ஒரு அடையாள எண் கிடைக்கும், அதன் பிறகு யாரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வட்டி ஏறாதவரை பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

பள்ளி ஆசிரியர் ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். 2021-ல் 30 லட்சம், 20 வருடம், 6.75 சதவீதம், மாறும் வட்டி. இஎம்ஐ 22,811 ரூபாய். மேண்டேட்டில் மேக்ஸிமம் 25,000 என்று போட்டிருந்தது. அன்றைக்கு அது தாராளமாகத்தான் தெரிந்திருக்கும்.

2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை ஏற்ற ஆரம்பித்தது. 4 சதவீதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. எங்கள் பக்கமும் படிப்படியாக ஏற்றி அவர் வட்டி 9.25-க்கு வந்துவிட்டது. வழக்கமாக இப்படி ஏறும்போது இஎம்ஐ-யைத் தொடாமல் கடன் காலத்தைத்தான் நீட்டுவார்கள், வாடிக்கையாளரும் கவனிக்க மாட்டார். ஆனால் இவர் கணக்கில் அசல் இன்னும் சுமார் 28 லட்சத்து 50 ஆயிரம் பாக்கி, அதற்கு 9.25 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 21,970 ரூபாய் வருகிறது. கட்டும் 22,811-ல் அசலுக்குப் போவது 840 சொச்சம். அந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் 35 வருடத்துக்கு மேல் ஆகும், அவர் ரிட்டயர் ஆகி எவ்வளவோ காலம் கழித்து. அதனால் சிஸ்டம் காலத்தை 18 வருடத்திலேயே நிறுத்திவிட்டு இஎம்ஐ-யை 27,135 ஆக்கியது. இஎம்ஐ மாறியிருக்கிறது என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் போனது. மேண்டேட் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஏனென்றால் வட்டியை மாற்றும் மென்பொருள் வேறு, மேண்டேட்டை வைத்திருக்கும் மென்பொருள் வேறு, இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதே இல்லை.

ஜூன் 5-ம் தேதி 27,135-க்கு டெபிட் கோரிக்கை போனது. உச்சவரம்பு 25,000. திரும்பி வந்துவிட்டது. சரி, 25,000-ஐயாவது எடுத்துக்கொண்டு மீதியை அப்புறம் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். நாச்சில் அது கிடையாது, கேட்ட தொகை முழுசாக வரும், இல்லையென்றால் ஒரு பைசாவும் வராது. அன்று அவர் கணக்கில் லட்சத்துக்கு மேல் இருந்தது.

இதைவிட மோசம் ஜூலை. நிலுவை இருந்தால் அதையும் நடப்பு இஎம்ஐ-யையும் சேர்த்து ஒரே கோரிக்கையாக அனுப்புவது எங்கள் சிஸ்டத்தின் பழக்கம். 25,000-க்குள் நுழைய முடியாத 27,135 இப்போது 54,270 ஆகி, அதற்கு மேல் கட்டணங்களும் ஏறி அதே கதவைத் தட்டியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேண்டேட் 30,000-க்கு இருந்து, வேறு ஏதோ காரணத்தால் ஒரே ஒரு மாதம் தவறியிருந்தாலும் இரண்டாவது மாதம் இதே சிக்கல்தான் வந்திருக்கும். வரம்பில் இடைவெளி இருக்கிறது என்று நினைப்பவர்கள் இப்படிச் சேர்த்து அனுப்புவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அவருக்கு ஏன் தெரியவில்லை? கணக்கில் பணம் குறைவாக இருந்து பவுன்ஸ் ஆனால் அவருடைய வங்கியே எஸ்எம்எஸ் அனுப்பும், ரிட்டர்ன் சார்ஜ் என்று ஸ்டேட்மென்டில் ஒரு வரி விழும். வரம்பைத் தாண்டிய கோரிக்கை பெரும்பாலும் கணக்கைத் தொடும் முன்பே விழுந்துவிடுவதால் வங்கி பக்கம் ஒரு சுவடும் இருக்காது. அவர் ஸ்டேட்மென்டில் ஜூன் 5-க்கு எதிரே எதுவுமே இல்லை. கண்டுபிடிக்க இதுதான் நல்ல அடையாளம். ரிட்டர்ன் வரியும் சார்ஜும் இருந்தால் இருப்புப் பிரச்சினை, எந்த வரியும் இல்லாமல் பணம் மட்டும் அப்படியே இருந்தால் கோரிக்கை வரவே இல்லை, மேண்டேட்டைப் பார்க்க வேண்டும். நிறைய வங்கிகளின் நெட்பேங்கிங்கில் மேண்டேட் பட்டியல் இருக்கிறது, அதில் உச்சத் தொகையும் முடிவுத் தேதியும் தெரியும். கடன் கொடுத்தவரிடம் வெறுமனே "ஏன் பவுன்ஸ்" என்று கேட்காமல் ரிட்டர்ன் காரணத்தை எழுத்தில் கேட்பது நல்லது, ஏனென்றால் போனில் பேசுபவர்களின் திரையில் காரணம் எதுவானாலும் பவுன்ஸ் என்று மட்டும்தான் தெரியும்.

கலெக்ஷனிலிருந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தெரியாத நம்பரிலிருந்து, "உடனே இந்த லிங்கில் பணம் கட்டுங்க" என்று. மோசடிக்காரன் என்று நினைத்து பிளாக் செய்துவிட்டார். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி நேரில் வந்தார், மகளின் கல்விக்கடனுக்கு விண்ணப்பித்த வங்கியில் அவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகு. அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டே வந்திருந்தார். எங்கள் கடனுக்கு எதிரே ஜூன் கட்டத்தில் 25, ஜூலை கட்டத்தில் 56. அது டிபிடி, அதாவது மாதக் கடைசியில் தவணை எத்தனை நாள் தாமதமாக நிற்கிறது என்பது. "தம்பி, இந்த 56 என்ன மார்க்கா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகஸ்ட் 31 வரை விட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் 87 ஏறியிருக்கும், இன்னும் சில நாளில் 90 தாண்டி வாராக்கடன். அது மட்டுமில்லை, மனைவி இணைக் கடன்தாரர் என்பதால் அவருடைய ரிப்போர்ட்டிலும் இதே எண்கள் விழுந்திருந்தன.

அன்றைய நிலுவை மூன்று தவணைக்கு 81,405. பவுன்ஸ் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 590 வீதம் 1,770. தாமத அபராதம் ஆண்டுக்கு 24 சதவீதம், ஒரு தவணைக்கு நாளுக்கு 18 ரூபாய் மாதிரி, அது 2,444. மொத்தம் 85,619. அபராதம் பார்க்கச் சின்னத் தொகைதான், இதில் பெரிய அடி ரிப்போர்ட்டில் விழுந்தது. (அபராதத்தை வட்டியாகப் போடாமல் கட்டணமாக மட்டும் போட வேண்டும், அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அந்த ஆகஸ்டில்தான் சொன்னது, நடைமுறைக்கு வந்தது 2024-ல்.)

"நான் 81,405 இப்பவே கட்டுறேன், அபராதத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நியாயமாகத்தான் படும், ஆனால் கொஞ்சம் பொறுங்க சார் என்று நிறுத்தினேன். வரும் பணத்தில் முதலில் கட்டணத்தைக் கழித்துக்கொள்வது பல சிஸ்டங்களின் பழக்கம். ஜூனிலேயே அவர் கையால் 27,135 கட்டியிருந்தால்கூட, 590 கட்டணத்துக்குப் போய் தவணைக்கு 26,545 மட்டும் வந்திருக்கும், அந்த 590 பாக்கிக்காக டிபிடி ஓடிக்கொண்டே இருந்திருக்கும். கட்டிவிட்டேன் என்று ஒருவர் நிம்மதியாக இருக்க, ரிப்போர்ட்டில் எண் வளர்வது பெரும்பாலும் இப்படித்தான். எனவே முதலில் கட்டணம் இரண்டையும் தள்ளுபடி செய்ய அனுமதி வாங்கினோம், அப்புறம் 81,405 வாங்கினோம்.

ரிப்போர்ட்டைத் திருத்துவதுதான் இழுத்தது. தலைமை அலுவலகத்தின் வாதம், தவணை வரவில்லை என்பது உண்மைதானே, உண்மையைத்தானே அனுப்பினோம் என்பது. அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஒரு தவணை வராததற்குக் காரணம் எதுவாக இருந்தாலும் டிபிடி எண்ணிக்கொண்டுதான் போகும், கணக்கில் பணம் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. அவர்கள் மனதை மாற்றியது இரண்டு விஷயங்கள். மூன்று 5-ம் தேதிகளிலும் இருப்பு 27,135-க்கு மேல் என்று காட்டும் ஸ்டேட்மென்ட், மற்றும் நாங்கள் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் புது மேண்டேட் கேட்கவே இல்லை என்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் நாலு நிறுவனங்களுக்கும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் திருத்தம் போனது. இதே மாதிரி இன்னொருவர் வந்தார், அவருக்கு மேண்டேட் கேட்டுத் தெளிவாகச் செய்தி போயிருந்தது, அவர் விட்டுவிட்டார். அவருக்குக் கட்டணம் குறைந்தது, டிபிடி அப்படியே நின்றது.

இன்றைக்கு இப்படி மாட்டுகிறவர்களுக்குச் சில வசதிகள் கூடியிருக்கின்றன. திருத்தக் கோரிக்கை 30 நாளில் முடியாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியிலிருந்து அந்த நிறுவனங்களுக்குத் தகவல் மாதம் இரண்டு முறையாவது போகிறது. திருத்தமும் சீக்கிரம் ஏறும், தாமதமும் சீக்கிரம் ஏறும், அதையும் சொல்ல வேண்டும்.

புது மேண்டேட் போடும்போது அவர் கேட்ட கேள்வி, எவ்வளவு போடுவது? எங்கள் படிவத்தில் இஎம்ஐ-யைப் போல் இரண்டு மடங்கு என்று இருந்தது. அப்படிப் போட்டால் நிலுவையையும் சேர்த்து ஒரே நாளில் 54,000 உருவ நாமே வழி விடுகிறோம், அந்த நாள் வீட்டு வாடகையோ ஃபீஸோ அதே கணக்கில் இருந்தால் அதுவும் போகும். என் கணக்கில் ஒன்றரை மடங்கு போதும். 27,135-க்கு 40,000. வட்டி இன்னும் இரண்டு மூன்று சதவீதம் ஏறினாலும் தாங்கும், இரண்டு தவணையைச் சேர்த்து எடுக்க முடியாது. ஒரு மாதம் தவறினால் நிலுவையைக் கையால் கட்ட வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருந்தால் சரி. அவர் 40,000 போட்டார். பழைய மேண்டேட்டை அன்றே ரத்து செய்துவிடலாமா என்றார், வேண்டாம் என்றேன். புதியது பதிவாகி யூஎம்ஆர்என் வந்து, அதில் ஒரு தவணை ஒழுங்காகப் போன பிறகு செய்யலாம். தாளில் போட்ட மேண்டேட் பதிவாக நாளாகும் என்பதால் செப்டம்பர் தவணையை 3-ம் தேதியே லிங்க் வழியாகக் கட்டச் சொன்னோம், அக்டோபர் 5 தானாகவே போனது.