கேட்காத கேள்விக்கு 2.25

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எங்கள் எம்.எஸ்சி. வேதியியல் துறையின் சிஓ–பிஓ மேப்பிங் கோப்புகள் ஒருவழியாக அலமாரியில் ஏறிவிட்டன. ஒரு தாளை முடிக்கும்போது மாணவருக்கு என்ன வர வேண்டும் என்பது சிஓ, முழுப் படிப்பையும் முடிக்கும்போது என்ன வர வேண்டும் என்பது பிஓ. மார்த்தாண்டம் பக்கத்து அஃபிலியேட்டட் கல்லூரி ஒன்றில் இந்த வேலையைத் தலையில் கட்டிக்கொண்ட உதவிப் பேராசிரியை நான். எங்களைப் போல் கடைசி நேரத்தில் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள் என்பதால், எங்கே வழுக்கினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

சிஓ, பிஓ அட்டவணை நிரப்பியது, இணையதளத்தில் ஏற்றியது எல்லாம் இரண்டு நாள் வேலை. சிஓக்கள் பாடத்திட்டத்திலேயே அச்சாகி வருகின்றன, எந்த பிஓவோடு பொருத்தம் 3, எதோடு 2 என்று உட்கார்ந்து பேசினால் முடிந்தது. நாக்கின் இரண்டாம் அளவுகோலின் 2.6-இல் அட்டெயின்மென்ட் என்று ஒரு சொல் இருக்கிறதே, சிஓக்களை மாணவர்கள் எவ்வளவு எட்டினார்கள் என்ற கணக்கு, அங்கேதான் எல்லாம் கோளாறானது.

கல்லூரியின் தரப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யிலிருந்து ஓர் எக்செல் கோப்பு வந்தது. எங்கோ ஒரு பொறியியல் கல்லூரியில் பிறந்து பல கை மாறி வந்த கோப்பு. இன்டர்னலுக்கு 25 சதவீதம், எக்ஸ்டர்னலுக்கு 75 சதவீதம் வெயிட்டேஜ். 60 சதவீத மதிப்பெண்ணை எட்டியவர்கள் வகுப்பில் 50 சதவீதம் இருந்தால் நிலை 1, 60 என்றால் 2, 70 என்றால் 3. பாதிக்கும் கீழே போனால் பூஜ்யம். இலக்கு 2. எட்டினால் கட்டம் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

முதல் செமஸ்டரின் கரிம வினை வழிமுறைகள் தாளை மாதிரிக்கு எடுத்தேன். போன பேட்ச், 24 பேர். ஐந்து யூனிட், ஐந்து சிஓ. யூனிட் 1 என்றால் சிஓ1, யூனிட் 5 என்றால் சிஓ5 என்று யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் போடுகிறோம், நானும் போட்டேன். சிஓ4 தவிர எல்லாம் பச்சை. எச்.ஓ.டி. மேடத்திடம் காட்டியபோது அவருக்கும் திருப்திதான்.

செப்டம்பரில் நாக் வருகைக்கு ஒத்திகையான மாக் விசிட்டுக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் வந்தார். எக்செல்லை அவர் திறக்கவே இல்லை. “வினாத்தாளைக் கொண்டு வாங்க” என்றார். இரண்டாவது இன்டர்னல் டெஸ்டில் சிஓ5 என்று நான் குறித்திருந்த கேள்வியின் மேல் பேனாவை வைத்தார். ‘E2 வினையின் வழிமுறையை விளக்குக.’ பிறகு பாடத்திட்டத்தைப் புரட்டி சிஓ5-ஐ வாசித்தார். தரப்பட்ட சேர்மத்தைத் தயாரிக்கப் பொருத்தமான வழியை மாணவர் வடிவமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பக்கத்தில் கே6, சிந்தனை நிலைகளில் உச்சியான உருவாக்கும் நிலை.

“விளக்குன்னு கேட்டா கே2. புத்தகத்துல இருக்கத பிள்ளை எழுதுது. வடிவமைக்கச் சொன்ன கேள்வி எங்க டீச்சர்?”

இன்டர்னல் வினாத்தாள்கள், அசைன்மென்ட், செமினார் தலைப்புகள் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே புரட்டினேன். ஒன்றுகூட இல்லை. முழு செமஸ்டரிலும் சிஓ5-ஐ யாரும் கேட்கவே இல்லை.

அன்று மாலை சிஓ5-இன் இன்டர்னல் மதிப்பெண்களை எல்லாம் அழித்தேன். கட்டம் சிவப்பாகும் என்று பார்த்தால், ஆகவில்லை! 2.25 என்று காட்டிக்கொண்டு பச்சையாகவே நின்றது. ஏனென்று தேடியபோதுதான் எக்ஸ்டர்னல் பகுதியின் கதை புரிந்தது. பல்கலைக்கழகத் தேர்வில் எங்களுக்கு வருவது 75-க்கு மொத்த மதிப்பெண் மட்டும். கேள்விவாரியாகப் பிரித்து வராது, விடைத்தாளும் நம் கைக்கு வராது. அதனால் அந்த மொத்தத்தை வைத்து ஒரு நிலை கண்டுபிடித்து, ஐந்து சிஓக்களுக்கும் அதையே ஒட்டிவிடுகிறது அந்தக் கோப்பு. 24 பேரில் 17 பேர் 45-ஐத் தாண்டியிருந்தார்கள். 70.8 சதவீதம், நிலை 3. மூன்றில் முக்கால் பங்கு 2.25. இன்டர்னலில் பூஜ்யம் வந்தாலும், கேள்வியே கேட்காவிட்டாலும், அந்த 2.25 எல்லா சிஓவுக்கும் இலவசம். இலக்கோ வெறும் 2. தேர்வில் பிள்ளைகள் நன்றாக எழுதிவிட்டால் எந்தக் கட்டமும் சிவப்பாக வழியே இல்லை.

‘சிஓ4 மட்டும் ஏன் சிவப்பு’ என்று நீங்கள் கேட்கலாம். எக்ஸ்டர்னலைச் சேர்ப்பதற்கு முன், இன்டர்னல் ஷீட்டில்தான் அது சிவந்திருந்தது. அதில் வேறொரு கூத்து. இரண்டாவது டெஸ்டில் 11-ஆம் கேள்வி ‘அல்லது’ கேள்வி. (அ) சிஓ3, (ஆ) சிஓ4, ஆளுக்கு 5 மதிப்பெண். 15 பேர் (அ) எழுதினார்கள், 9 பேர் (ஆ). அந்த 9 பேரில் 7 பேர் 3-ஓ அதற்கு மேலோ வாங்கியிருந்தார்கள். மதிப்பெண் ஏற்றிய அலுவலகத் தம்பி, எழுதாதவர்களின் கட்டங்களில் சும்மா விடக்கூடாதென்று 0 போட்டு நிரப்பிவிட்டார். ஆக 7-ஐ 24-ஆல் வகுத்து 29.2 சதவீதம், நிலை 0. கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் 7-ஐ 9-ஆல் வகுத்து 77.8 சதவீதம், நிலை 3. ஒரே வகுப்பு, ஒரே விடைத்தாள். பூஜ்யம் தட்டியதா இல்லையா என்பதில் அடிமட்டமும் உச்சமும்!

சூத்திரம் இப்படி இருக்க வேண்டும்:

```
=COUNTIF(F5:F28,">=3")/COUNT(F5:F28)
```

`COUNT` காலிக் கட்டங்களை எண்ணாது, 0 இருந்தால் எண்ணிவிடும். எழுதித் தப்பானால் 0, தொடவே இல்லையென்றால் காலி. தேர்வுக்கு வராதவருக்கு AB என்று எழுதினாலும் எண்ணாது. இதை மதிப்பெண் ஏற்றுகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் சொல்லவில்லை.

ஆனால் 77.8-ஐயும் நான் நம்பவில்லை. அந்த ஒன்பது பேர் தெரிந்ததனால்தானே (ஆ)வை எடுத்தார்கள்? மீதி 15 பேருக்கு சிஓ4 வருமா வராதா என்று அந்தக் கேள்வியால் சொல்லவே முடியாது. ‘அல்லது’ போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சிஓ, ஒரே கே நிலை இருக்க வேண்டும். இப்போது எங்கள் துறையில் இது பொருந்தாத வினாத்தாள் ஜெராக்ஸுக்குப் போகாது.

சரி, முதல் டெஸ்டின் மதிப்பெண்ணையாவது சேர்த்தால் சிஓ4-க்கு இன்னொரு கேள்வி கிடைக்குமே என்று பார்த்தேன். அதை நடத்திய கௌரவ விரிவுரையாளர் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டார். விடைத்தாள்களை அப்போதே பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. மதிப்பெண் நோட்டு வீட்டில் இருக்கிறது என்றார் போனில். ஒரு சனிக்கிழமை குலசேகரம் பஸ் ஏறினேன். இறங்கியபோது நல்ல மழை, ரப்பர் தோட்டத்து மண் பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தம்பி வீட்டில் இல்லை. அவர் அம்மா, “இரி மக்களே, சாயா குடிச்சிட்டுப் போலாம்” என்று அவித்த மரச்சீனியும் மிளகாய்ச் சம்மந்தியும் வைத்துவிட்டு நோட்டைத் தேடி எடுத்து வந்தார். திறந்தால் 18, 21, 14, 23 என்று பெயருக்கு நேரே மொத்தம் மட்டும். எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. மரச்சீனி நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அந்த டெஸ்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, ‘கேள்விவாரி மதிப்பெண் இல்லை’ என்று கோப்பில் எழுதிவிட்டேன்.

அந்த அலைச்சலில் உருப்படியாக நடந்த ஒன்று: இன்டர்னல் விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே கேள்வி எண், சிஓ, மதிப்பெண் என்று மூன்று வரிசைக் கட்டம் அச்சடித்துவிட்டோம். திருத்துகிறவர் நிரப்பினதும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

மீதி இருந்தது சிஓ5. கேட்காத கேள்விக்குப் பழைய தேதியில் ஓர் அசைன்மென்ட் போட்டுவிடலாம் என்று துறையில் ஒருவர் யோசனை சொன்னார். பாஸாகிப் போன 24 பிள்ளைகளின் கையெழுத்துக்கு எங்கே போவது? நியாயம் அநியாயம் அப்புறம், அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ‘போன பேட்சில் சிஓ5 மதிப்பிடப்படவில்லை’ என்று எழுதி, இந்த பேட்சுக்கு உண்மையிலேயே ஒரு கேள்வி போட்டேன்.

டெர்ட்-பியூட்டைல் எத்தில் ஈதரை வில்லியம்சன் முறையில் தயாரிக்க வேண்டும். தாளில் இரண்டு வழி தோன்றும். டெர்ட்-பியூட்டைல் புரோமைடையும் சோடியம் எத்தாக்சைடையும் சேர்க்கலாம், அல்லது எத்தில் புரோமைடையும் பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடையும் சேர்க்கலாம். எந்த வழியில் போவாய், ஏன், மற்ற வழியில் போனால் குடுவையில் என்ன கிடைக்கும்? முதல் வழியில் போனால் நெரிசலான கார்பனை SN2 என்னும் பதிலீட்டு வினை நெருங்க முடியாமல், E2 என்னும் நீக்கல் வினை முந்திக்கொண்டு ஐசோபியூட்டிலீன் வாயுவாகப் போய்விடும். போன பேட்சிடம் ‘விளக்குக’ என்று கேட்ட அதே E2தான். ஆனால் இங்கே அதை ஒப்பித்தால் போதாது, வழியை முடிவு செய்யப் பயன்படுத்த வேண்டும். இதோடு, ஆளுக்கொரு சேர்மம் கொடுத்து இரண்டு படியில் வழி எழுதச் சொன்னேன். பத்து மதிப்பெண்ணுக்கு ரூப்ரிக்: வழித் தேர்வு 2, காரணம் 4, வினைப்பொருளும் நிபந்தனையும் 2, துணை விளைபொருள் 2. காரணத்துக்கு நான்கு வைத்தது வேண்டுமென்றேதான், பாதிப் பேர் குருட்டாம்போக்கில் சரியான வழியைத் தொட்டுவிடுவார்கள்.

22 பேரில் 6-ஐத் தொட்டவர்கள் 9 பேர். 40.9 சதவீதம். நிலை 0.

எச்.ஓ.டி. மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “டீச்சரே, மெனக்கெட்டு கேள்வி போட்டு ஒரு பூஜ்யத்தையா கொண்டு வந்து வைக்க?” எனக்கும் சங்கடம்தான். ஆனால் 22 விடைத்தாளும் இருக்கிறது, ரூப்ரிக் இருக்கிறது, எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்பதும் தெரிகிறது. 13 பேரில் 11 பேர் வழியைச் சரியாகச் சொல்லிவிட்டு, காரணம் என்ற இடத்தில் வழிமுறையை அம்புக்குறியோடு அப்படியே வரைந்து வைத்திருந்தார்கள். ஏனென்று கேட்டால் எப்படி என்று எழுதுகிறார்கள். இதை நடவடிக்கை அறிக்கையில் எழுதி, வாரம் ஒரு மணி நேரம் வழி தேர்ந்தெடுக்கும் பயிற்சி வைத்து, அடுத்த மாதம் இன்னொரு அசைன்மென்ட் என்று தேதியும் போட்டேன். இன்டர்னல் நிலையையும் எக்ஸ்டர்னல் நிலையையும் சேர்க்காமல் தனித்தனிக் கட்டங்களில் காட்டினேன். சேர்த்தால் அந்த 2.25 மறுபடி எல்லாவற்றையும் மூடிவிடும்.

மேடம் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “குழு கேட்டா நீயே பதில் சொல்லணும்” என்று ஒரு நிபந்தனையோடு.

ஒரு தாள் முடிந்தது. அந்த செமஸ்டரின் மற்ற தாள்களுக்கு இன்று காலைதான் வினாத்தாள்களை எடுத்து வைத்து, எக்செல்லைத் திறக்காமல், ஒவ்வொரு சிஓவுக்கும் எதிரே கேள்வி எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தேன். இயற்பிய வேதியியலில் சிஓ4-க்கு எதிரே இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.