உப்புத்தூளும் 0.1 மில்லிமீட்டரும்

ஜூலை 8

எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி சோடியம் குளோரைடு தூளை எக்ஸ்-கதிர் கருவியில் வைத்து எடுத்த வரைபடத்தோடு வந்தாள். தாமிரக் குழாய், அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். மிக உயரமான உச்சம் 31.76 டிகிரியில் இருக்கிறது. கருவி காட்டுவது 2θ என்பதால் அதைப் பாதியாக்கி, 15.88 டிகிரிக்குச் சைன் பார்த்துச் சரியாகவே போட்டிருந்தாள்:

d = λ / (2 sin θ) = 1.5406 / (2 × 0.27362) = 2.815

இது (200) தளங்களுக்கு இடையிலான தூரம். இரண்டால் பெருக்கினால், படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கனசதுரமான அலகுக் கூட்டின் பக்கம் 5.630 ஆங்ஸ்ட்ராம். நூல்களில் இருப்பதோ 5.640.

"0.01தானே அக்கா, விட்டுடலாமா?" என்றாள். விடக் கூடாது. இந்தக் கருவி 0.01 டிகிரி வித்தியாசத்தையே காட்டிவிடும். இங்கே உச்சம் நகர்ந்திருப்பது 0.06 டிகிரி.

ஜூலை 9

அதே வரைபடத்தில் தள்ளி இருக்கும் (420) உச்சத்தைப் பார்க்கச் சொன்னேன். 75.34 டிகிரி. அதில் d 1.2605, 4² + 2² + 0² = 20 என்பதால் √20-ஆல் பெருக்கினால் பக்கம் 5.637. ஒரே படிகத்துக்கு இரண்டு அளவு இருக்க முடியாது. அதோடு, கோணம் கூடக் கூட விடை சரியான மதிப்பை நெருங்குகிறது. தூளின் மேற்பரப்பு இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை என்றால் இப்படித்தான் வரும். உயரப் பிழையால் உச்சம் நகரும் அளவு cos θ-வைப் பொறுத்தது, அதனால் பெரிய கோணத்தில் அது குறைகிறது. போதாததற்கு, சிறிய கோணத்தில் அதே நகர்வு d-யை அதிகமாகவே கெடுக்கும்.

ஆரம் 200 மில்லிமீட்டர் உள்ள கருவியில் தூள் வெறும் 0.1 மில்லிமீட்டர் மேலே நின்றால் போதும், 32 டிகிரி பக்கம் உச்சம் சுமார் 0.055 டிகிரி வலப்பக்கம் போய்விடும். தூள் பள்ளமாக இருந்தால் இடப்பக்கம் போகும். ஹோல்டரை எடுத்துக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தோம். விளிம்புக்கு மேல் உப்பு லேசாகப் புடைத்திருந்தது.

ஜூலை 10

கண்ணாடித் தகட்டால் விளிம்போடு சமமாக அழுத்தி மறுபடி ஓட்டினாள். 31.70, 75.29. இரண்டிலிருந்தும் 5.640. அப்பாடா.

ஜூலை 13

"அலைநீளம் தெரிஞ்சதால இடைவெளி கிடைக்குது. முதல்ல அலைநீளம் எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. 1913-இல், எக்ஸ்-கதிரால் படிக அமைப்பை முதலில் கண்டறிந்த பிராக் தந்தைக்கும் மகனுக்கும் அலைநீளம் தெரியாது. கோணம் மட்டும் கையில் இருந்தால் அலைநீளத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம்தான் கிடைக்கும். அவர்கள் இடைவெளியை உப்பின் அடர்த்தியிலிருந்து எடுத்தார்கள். நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஒரு கூட்டில் நான்கு NaCl, மூலக்கூறு எடை 58.44, அடர்த்தி 2.165:

a³ = 4 × 58.44 / (6.022×10²³ × 2.165) = 1.793×10⁻²² செ.மீ³

கனமூலம் 5.639 ஆங்ஸ்ட்ராம். எக்ஸ்-கதிரே இல்லாமல், தராசையும் அவகாட்ரோ எண்ணையும் வைத்துக் கிடைத்த விடை இது. கூட்டில் நான்கு என்ற எண்ணிக்கை தப்பாக இருந்திருந்தால் அலைநீளமும் தப்பாகியிருக்கும். அதை அவர்கள் உச்சங்களின் வரிசையைப் பார்த்து முதலிலேயே உறுதி செய்துகொண்டார்கள்.